நான்காம் வினாவின் அட்டவணை

வினாத்தாள் தயாரிக்கிறவர் தன் வினாவுக்குத் தானே முதலில் விடை எழுதிப் பார்க்க வேண்டும். பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் றுமைஸா இந்தப் பழக்கத்தை ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்கும் அப்படித்தான், பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் பின்னேரம், ஆசிரியர் அறையில் தனியாக இருந்து விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

தரம் பதினொன்றுக்கான முதலாம் தவணை விஞ்ஞானப் பரீட்சை. கல்வி வலயத்திலுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தாள். சூழல் பற்றிய நான்காம் வினா அவளுடைய பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் எங்கோ இருக்கும் ஒரு ஆறு வரும், அதில் ஒரு தொழிற்சாலைக் கழிவு கலக்கும், பிள்ளைகள் பாடமாக்கியதை எழுதிவிட்டுப் போவார்கள். இந்த முறை அவளுக்கு அது வேண்டாமென்று இருந்தது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் தரையில் பிறந்து, கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்து, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் யூரியா எறிகிற வாப்பாமாரைப் பார்த்துக்கொண்டு பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த தண்ணீரைப் பற்றியே கேட்க வேண்டும்.

அதற்கு வேண்டிய அளவீடுகள் அதிபரின் அலுமாரியில் இருந்தன. போன வருடம் ஆகஸ்டிலும் நவம்பரிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊரின் மூன்று கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். அறிக்கையின் ஒரு பிரதி பாடசாலைக்கும் வந்திருந்தது, மூன்றில் ஒன்று பாடசாலைக் கிணறு என்பதால். அதிபர் பதியுதீன் அதைக் கோப்பில் போட்டிருந்தார். அறிக்கையின் அடியில், "நியம அளவுக்குள் உள்ளது" என்று பரிசோதகரின் கையெழுத்தோடு ஒரு வரி.

மாத மழைவீழ்ச்சியை றுமைஸா பாடசாலை மழைமானிப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். ஊர்ப் பெயரையும் கிணற்றுச் சொந்தக்காரரின் பெயரையும் விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட்டாள். மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவிலிருந்த கிணறு "அ". பாடசாலைக் கிணறு "ஆ". கடற்கரைப் பக்கத்துத் தென்னந்தோட்டக் கிணறு "இ". அட்டவணை இப்படி அமைந்தது:

நைத்திரேற்று (மி.கி./லீற்றர்)
கிணறு அ: ஆகஸ்ட் 16.4, நவம்பர் 23.0
கிணறு ஆ: ஆகஸ்ட் 9.1, நவம்பர் 15.2
கிணறு இ: ஆகஸ்ட் 2.3, நவம்பர் 3.0
மாத மழைவீழ்ச்சி: ஆகஸ்ட் 11 மி.மீ., நவம்பர் 236 மி.மீ.

முதற் பகுதிகளுக்கு விடை சுலபமாக வந்தது. மழைக்குப் பிறகு அ, ஆ இரண்டிலும் ஏன் கூடியது? மணலில் தேங்கிக் கிடந்த பசளையை மழைநீர் கரைத்துத் தரைக்கீழ் நீருக்குக் கொண்டுபோனது. இரண்டு புள்ளி. இ ஏன் பெரிதாக மாறவில்லை? பக்கத்தில் பசளை இடும் பயிர்ச்செய்கை இல்லை. ஒரு புள்ளி. கடைசிப் பகுதி: குடிநீரில் இருக்கக்கூடிய உயர்ந்தபட்ச நைத்திரேற்று ஐம்பது மி.கி. எனின், நவம்பரில் குடிப்பதற்கு உகந்த கிணறுகள் எவை?

மூன்றும் உகந்தவை என்று எழுதினாள். எழுதிய பேனாவைத் தூக்காமல் அப்படியே இருந்தாள்.

அ கிணற்றை அவளுக்குத் தெரியும். வருடத்தில் மூன்று போகம், போகத்துக்கு எத்தனையோ தடவை பசளை. அந்தக் கிணற்றில் நவம்பர் மழைக்குப் பிறகு இருபத்துமூன்றுதானா? நியம அளவில் பாதிகூட இல்லையா? அப்படியிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் நம்ப முடியவில்லை.

மூல அறிக்கையை மறுபடி எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்த தலைப்பில், அலகுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன N. அவள் பிரதி எடுத்தபோது விட்டுவிட்டது. நைத்திரேற்று என்று அந்த ஆய்வுகூடம் தந்தது நைத்திரேற்றின் முழு நிறையை அல்ல, அதற்குள் இருக்கும் நைதரசனின் நிறையை மட்டும். ஐம்பது என்ற எல்லையோ முழு நைத்திரேற்றுக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

நைதரசன் பதினான்கு. ஒட்சிசன் மூன்று, நாற்பத்தெட்டு. கூட்டினால் அறுபத்திரண்டு. 15.2 ஐ அறுபத்திரண்டால் பெருக்கிப் பதினான்கால் பிரித்தாள்.

அறுபத்தேழு.

அ கிணறு நூற்றிரண்டு.

தரம் பதினொன்று பிள்ளை மூன்று நிமிடத்தில் செய்யக்கூடிய கணக்கு. பரிசோதகர் செய்யவில்லை. அதிபர் செய்யவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு முன்புவரை அவளும் செய்யவில்லை. நான்கு மாதமாகப் பாடசாலை முழுக்க அந்தக் கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏற்றிய குழாய்த் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது.

பிறகு அவளுக்கு டெனிஷாவின் ஞாபகம் வந்தது. கடுதாசியை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

பாடசாலைக்குப் பின்னால் ஆசிரியர் விடுதி. அதற்கும் அதே தாங்கியிலிருந்துதான் குழாய். சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்து கணிதம் படிப்பிக்கும் டெனிஷா அங்கே தங்கியிருந்தாள். பிரசவ விடுமுறை முடிந்து வந்து மூன்று கிழமை. குழந்தைக்கு நாலரை மாதம். பால் போதவில்லையென்று டொக்டர் மாப்பால் எழுதிக் கொடுத்திருந்தார்.

றுமைஸா போனபோது அவள் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டெனிஷா, பேபிக்குப் பால் கரைக்கிறது எந்தத் தண்ணியில?"

"குழாய்த் தண்ணிதான் மிஸ். பயப்படாதீங்க, நல்லாக் கொதிக்க வச்சுத்தான். இருபது நிமிசம் கொதிக்க விடுறன்."

"கொதிக்க வச்சா நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகப் போகப் போக அது இன்னும் கூடும்."

டெனிஷா கணித ஆசிரியை. றுமைஸா கணக்கைச் சொன்னதும் அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. போத்தலைக் கவிழ்த்து வைத்தாள். "கைக்குழந்தைக்கு இது என்ன செய்யும் மிஸ்?"

"ரத்தத்தில ஒட்சிசன் கொண்டுபோறதைக் கெடுக்கும். எல்லாப் பிள்ளைக்கும் வரும் எண்டில்ல. ஆனா ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு இந்தத் தண்ணி வேணாம். இண்டையில இருந்து போத்தல் தண்ணி வாங்குங்க. நாளைக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுங்க."

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை உடனே நிறுத்தச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை றுமைஸா அறிக்கையையும் தன் கணக்கையும் அதிபரிடம் கொண்டுபோனாள். பதியுதீன் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. பாடசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் கொண்டுவந்தவர், ஊரில் மதிப்புள்ளவர். கடுதாசியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"டீச்சர், பீ.எச்.ஐ. பார்த்துச் சரியெண்டு எழுதிச் சைன் வச்சிருக்கார்."

"அவர் பிழையாப் பார்த்திருக்கார் சேர். இந்த N-ஐ அவர் கவனிக்கல்ல. நானும் முதல்ல கவனிக்கல்ல."

"சரி. நான் எழுதிப் போடுறன். மறுபடி ஒருக்கா டெஸ்ட் பண்ணட்டும். அது வரைக்கும் பிள்ளையள்ட காதில போடாதீங்க. போன வருசம் முப்பது பிள்ளை எத்தாளைப் பக்கம் ஸ்கூல் மாறிப் போயிட்டு. தண்ணி சரியில்லையெண்டு ஒரு கதை கிளம்பினா என்ன ஆகும்?"

"விடுதியில கைக்குழந்தை இருக்கு சேர். பின்மதிலுக்கு அங்கால கிளினிக். அங்கயும் எங்கட தாங்கித் தண்ணிதான் போகுது. பால்குடிப் பிள்ளையளோட தாய்மார் வாறாங்க."

"இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கல்லத்தானே டீச்சர்."

ஒன்று நடந்தபிறகு வந்து சொல்லவா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. மறுபரிசோதனைக்கு எழுதுகிறேன் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கிளினிக்குக் குழாய்க்கு மேலே, "கைக்குழந்தைகளின் பாலுக்கு இந்நீரைப் பாவிக்க வேண்டாம்" என்று தன் கையால் எழுதி ஒட்டினாள். அடுத்தநாள் காலையில் அந்தக் கடுதாசி அங்கே இருக்கவில்லை. இரண்டாவது தடவை ஒட்டினாள். அதுவும் போனது. யார் கிழித்தது என்று காவலாளியிடம் கேட்டாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பெரிய சேர் சொன்னார் டீச்சர்" என்றார்.

பரிசோதகருக்குப் போன் செய்தாள். அவர் வேறு பிரிவுக்கு இடமாற்றமாகியிருந்தார். "அறிக்கையில பதினஞ்சு தானே இருக்கு? லிமிட் ஐம்பது" என்றார். அவள் விளக்கினாள். "புதுசா ஒராள் வருவார், அவர்ட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். கிளினிக்குக்கு வருகிற குடும்பநலத் தாதியிடம் சொன்னாள். அவர் மட்டும் கேட்டார். தனக்குத் தெரிந்த தாய்மாருக்கு ஒவ்வொருவராகச் சொன்னார். ஆனால் மேலிருந்து எழுத்தில் வராமல் குழாயைப் பூட்ட அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை.

இதற்கிடையில் வினாத்தாளைச் சரிபார்க்கும் கூட்டம் வந்தது. வலயக் கல்வி அலுவலகத்தின் மேல்மாடியில், மின்விசிறி மெல்லச் சுற்றும் ஒரு அறையில், விஞ்ஞானத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் நிக்கொலஸும் வினா தயாரித்த ஐந்து ஆசிரியர்களும் கூடினார்கள். நிக்கொலஸ் கெட்டிக்காரர். ஒரு தாளில் எழுத்துப்பிழை ஒன்றுகூடத் தப்பவிடமாட்டார்.

றுமைஸா நான்காம் வினாவைத் திருத்தி எழுதியிருந்தாள். அட்டவணைத் தலைப்பு இப்போது "நைத்திரேற்று-நைதரசன்" என்றிருந்தது. கடைசிப் பகுதி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆ கிணற்றின் நவம்பர் பெறுமானத்தை நைத்திரேற்றாக மாற்றுக, அது குடிப்பதற்கு உகந்ததா எனக் கூறுக. பிறகு, கொதிக்கவைப்பதால் இந்நீர் பாதுகாப்பானதாகுமா, காரணம் தருக.

"நல்ல வினா" என்றார் நிக்கொலஸ். "உள்ளூர்த் தரவு. மழையோட தொடர்பு கேட்டிருக்கிறீங்க. ஆனா இந்த மாத்துற கணக்கு பிள்ளையளுக்குக் கஷ்டம் இல்லையா?"

"மூலர்த் திணிவு போன வருசமே படிச்சிட்டாங்க சேர். அணுத்திணிவு வினாவிலயே குடுத்திருக்கிறன்."

"வேணாமெண்டு தோணுது. நைதரசனை எடுத்துவிட்டு வெறும் நைத்திரேற்று எண்டு போட்டா நேரா ஐம்பதோட ஒப்பிடலாமே."

"அப்படிப் போட்டா அட்டவணை பொய்யாகிடும் சேர்." அவள் அறிக்கையின் பிரதியை அவர் முன்னால் வைத்தாள். கணக்கைச் செய்து காட்டினாள். "இது உண்மையான கிணறு. ஐம்பதுக்குக் கீழ எண்டு நாங்க எழுதினா, குடிக்கக் கூடாத தண்ணியைக் குடிக்கலாமெண்டு மூவாயிரம் பிள்ளைக்குச் சொல்றதாப் போயிடும்."

நிக்கொலஸ் பிரதியைக் கவனமாகப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. "சரி டீச்சர். நீங்க எழுதின மாதிரியே போகட்டும்" என்று தாளில் குறியிட்டார். பக்கத்திலிருந்த ஆசிரியர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

பரீட்சை மார்ச் மாதத்தின் கடைசிக் கிழமையில் நடந்தது. விஞ்ஞானத்தின் இரண்டாம் பத்திரம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். அச்சுப்பிழை ஏதும் இருந்தால் சொல்ல ஒவ்வொரு பாட ஆசிரியரும் மண்டபத்துக்குப் போவது வழக்கம். றுமைஸா போனாள். வாசலில் ஒரு மேலதிகத் தாளை வாங்கிப் புரட்டினாள்.

அட்டவணை இருந்தது. எண்கள் அவள் கொடுத்தவையே. தலைப்பில் "நைத்திரேற்று (மி.கி./லீற்றர்)" என்று மட்டும். நைதரசன் இல்லை. மாற்றும் கணக்கு இல்லை. கொதிக்கவைப்பது இல்லை. கடைசி வரி: "உயர்ந்தபட்ச அளவு 50 மி.கி./லீற்றர் எனின், நவம்பரில் குடிப்பதற்கு உகந்த கிணறுகள் எவை?" பக்கத்தில் இரண்டு புள்ளி.

அவள் விறாந்தைக்கு வந்து நிக்கொலஸுக்குப் போன் எடுத்தாள்.

"சேர், நாலாம் வினாவை யார் மாத்தினது?"

"பதியுதீன் சேர் கதைச்சவர். அது உங்கட ஸ்கூல் கிணறாமே. வினாத்தாள் மூலமாப் பாடசாலைக்குப் பேர் கெடுது எண்டார். எனக்கும் பிரச்சினை வேணாம் டீச்சர்."

"அப்படியெண்டா எண்களைத் தூக்கியிருக்கலாமே? வினாவையே தூக்கியிருக்கலாமே?"

"கடைசி நேரம். தட்டெழுத்தில ஒரு வரி மாத்துறதுதான் லேசு."

"லேசா? சேர், உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு முன்னால வச்சுக் கணக்குச் செய்து காட்டினன். தெரிஞ்சுகொண்டே நஞ்சுத் தண்ணிக்கு இரண்டு புள்ளி போட்டிருக்கிறீங்க!"

"டீச்சர், ஒண்டும் செய்ய வேணாம். பரீட்சை நடக்கட்டும். பிறகு கதைப்பம்."

அவள் போனை வைத்தாள். வாழ்க்கையில் ஒரு சுற்றறிக்கையைக்கூட மீறாதவள். பிள்ளைகளின் சீருடைக்கு ஊசி குத்துவதிலிருந்து வரவுப் பதிவு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள். இப்போது உடம்பெல்லாம் சூடேறி நின்றாள். தன் வினா, தன் அட்டவணை. தான் இரவும் பகலுமாகத் திருத்திய ஒன்றை எடுத்து, அவளையே பொய்யாக்கி அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

மண்டபத்துக்குள் போனாள். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியரிடம், "நாலாம் வினாவில ஒரு பிழை" என்றாள். அவர் வழிவிட்டார். கரும்பலகையில் வெண்கட்டியால் பெரிதாக எழுதினாள்:

"வினா 4: அட்டவணையில் நைத்திரேற்று என்பதை நைத்திரேற்று-நைதரசன் எனத் திருத்தி வாசிக்கவும். 50 மி.கி. என்பது நைத்திரேற்றுக்குரிய எல்லை. N = 14, O = 16."

அடியில் தன் பெயரையும் நேரத்தையும் எழுதினாள். யார் எழுதியது என்று பிறகு ஒருவரும் தேட வேண்டியதில்லை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் பெருமூச்சு விட்டார்கள். சிலர் குனிந்து கணக்கைத் தொடங்கினார்கள்.

தாள் முடிந்து வெளியே வந்தபோது நஸ்ஹா விறாந்தையில் காத்துக்கொண்டு நின்றாள். போன வருடம் மழைமானிக்குப் பொறுப்பாயிருந்த பிள்ளை. தினமும் காலை எட்டரைக்கு அளந்து புத்தகத்தில் எழுதியவள்.

"டீச்சர், நவம்பர் மழை இருநூத்தி முப்பத்தாறு எண்டு இருந்திச்சே. அது நான் கூட்டின கணக்கு."

"ஓம்."

"அப்ப அது எங்கட ஊர்க் கிணறுகள். ஆ கிணறு எது டீச்சர்? எனக்கு அறுபத்தேழு வந்திச்சு."

றுமைஸா அவளைப் பார்த்தாள். பிள்ளைகளின் காதில் போடாதீங்க என்று அதிபர் சொல்லி ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையில் மறுபரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அதிபரின் கோப்பில் அப்படியொரு கடிதம் போனதற்குப் பிரதிகூட இல்லை. அவள் போன கிழமை தேடிப் பார்த்திருந்தாள்.

"நீங்க இப்ப குடிச்சிட்டு வந்தீங்களே, அந்தக் குழாய்" என்றாள்.

நஸ்ஹா தன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். "எங்க ராத்தாவுக்கு ரெண்டு மாசத்துப் பிள்ளை. கிளினிக்கில வச்சுத்தான் பால் கரைச்சுக் குடுப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு படியிறங்கி ஓடினாள்.

அடுத்தநாள் காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் நாற்பது, ஐம்பது பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். நஸ்ஹாவின் உம்மா கமறியா முன்னால் நின்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று ஊரில் நினைத்திருந்த அந்தப் பெண்ணின் கையில் மகளின் வினாத்தாள் இருந்தது.

பதியுதீன் வந்து, "என்ன இது, பரீட்சை நடக்குற நேரம்?" என்றார்.

"சேர், எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லுங்க" என்றாள் கமறியா. "இந்தத் தாளில இருக்குற ஆ கிணறு இந்தக் கிணறா, இல்லையா?"

"அதெல்லாம் ஒரு கணக்குக் கேள்வி..."

"கணக்குக் கேள்வியெண்டா என்ட பேரனுக்கு அந்தத் தண்ணியை என்னத்துக்குக் குடுத்தீங்க?"

கூட்டம் கொதித்துவிட்டது. ஒருவர் கிளினிக்குக் குழாயின் கைப்பிடியை முறுக்கிக் கழற்றிக்கொண்டு வந்து அதிபரின் மேசையில் வைத்தார். தண்ணீரைக் கெடுத்ததே நீங்கள் போடுகிற பசளைதானே என்று ஒரு ஆசிரியர் சொல்லப்போய், தோட்டக்காரர்கள் அவரோடு சண்டைக்கு வந்தார்கள். அதுவும் உண்மைதான். றுமைஸா அதை மறைக்கவில்லை. "பசளையைப் பத்தியும் கதைக்கத்தான் வேணும்" என்று சத்தமாகச் சொன்னாள். "ஆனா தண்ணி கெட்டுப்போச்செண்டு உங்களுக்குச் சொல்லாம இருந்தது தோட்டக்காரர் இல்ல."

பதியுதீன் அவளை அப்போது பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

அன்று பகலே புதிய பரிசோதகர் வந்தார். அறிக்கையையும் கணக்கையும் பார்த்தவர் தாங்கிக் குழாயைப் பூட்டி முத்திரை வைத்தார். மூன்று நாளில் பிரதேச சபையின் தண்ணீர்ப் பௌசர் வந்தது. மறுபரிசோதனையின் முடிவு ஏப்ரலில் கிடைத்தது. ஆ கிணற்றில் முழு நைத்திரேற்று எழுபத்தொன்று. இந்த முறை எதன் நிறை என்று முழுவதும் எழுதியிருந்தது.

றுமைஸாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றி வலய வினாத்தாளைத் திருத்தியது, பரீட்சை மண்டபத்தின் ஒழுங்கைக் குலைத்தது, பெற்றோரைத் தூண்டியது ஆகியவற்றுக்கு ஒரு கிழமைக்குள் விளக்கம் தருமாறு. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வலயக் கல்விப் பணிப்பாளர் நடுவிலும், நிக்கொலஸ் ஒரு பக்கத்திலும் இருந்தார்கள்.

"பரீட்சைத்தாளைப் பிரசாரத்துக்குப் பாவிச்சிருக்கிறீங்க" என்றார் நிக்கொலஸ். அவளுடைய கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

றுமைஸா பையிலிருந்து புள்ளித்திட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாப் பாடசாலைக்கும் வலயம் அனுப்பியது. நான்காம் வினா, கடைசிப் பகுதி: "அ, ஆ, இ ஆகிய மூன்றும் உகந்தவை – 2 புள்ளி."

"சேர்" என்று பணிப்பாளரைப் பார்த்துச் சொன்னாள், "என்ட வகுப்பில இருபத்தொரு பிள்ளை சரியாக் கணக்குச் செய்து, ஆ உகந்ததல்ல எண்டு எழுதியிருக்கு. இந்தத் திட்டப்படி அந்த இருபத்தொரு பேருக்கும் பூச்சியம் போடணும். பள்ளிவாசல்துறைப் பக்கத்தில ஹிஸ்புல்லா சேர் இருக்கார், அவரும் கூட்டத்தில இருந்தவர். பரீட்சையண்டு அவர் லீவு, அவர்ட பிள்ளையளுக்குத் திருத்தம் சொல்ல ஆளில்ல. எல்லாரும் உகந்தவை எண்டு எழுதியிருக்காங்க, திட்டப்படி முழுப் புள்ளி. அவர் திருத்த மாட்டன் எண்டு கட்டோட திருப்பி அனுப்பியிருக்கார். நான் விளக்கம் தாறன். ஆனா என்னட்ட மட்டும்தானா விளக்கம் கேக்கிறீங்க? இந்தத் தாளுக்கு யார் விளக்கம் தாறது?"

பணிப்பாளர் நிக்கொலஸைப் பார்த்தார். "கூட்டத்தில இது சொல்லப்பட்டதா?"

நிக்கொலஸ் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "சொன்னவ" என்றார் கடைசியில்.

பணிப்பாளர் புள்ளித்திட்டத்தை எடுத்து வாசித்தார். பிறகு முடிவைச் சொன்னார். நான்காம் வினாவின் கடைசிப் பகுதி இரத்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த இரண்டு புள்ளியும் வழங்கப்படும். றுமைஸாவுக்கு எச்சரிக்கை, மேல் நடவடிக்கை இல்லை. நிக்கொலஸுக்கும் எச்சரிக்கை.

"இரத்தா?" றுமைஸா எழுந்தாள். "சரியா எழுதினவனுக்கும் இரண்டு, பிழையா எழுதினவனுக்கும் இரண்டா? திருத்தம் எண்டு ஒரு கடிதம் எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பேலாதா சேர்? உகந்ததெண்டு எழுதின பிள்ளை அதை நம்பிக்கொண்டுதானே வீட்டுக்குப் போயிருக்கு!"

"டீச்சர், இருங்க."

"நான் இருக்க வரல்ல சேர்."

அவள் வெளியே வந்தாள். புத்தளம் பஸ்நிலையத்தில் கற்பிட்டி பஸ் ஏறி ஜன்னலோரம் இருந்தாள். போனை எடுத்து ஹிஸ்புல்லாவைக் கூப்பிட்டாள். அவர்கள் அனுப்பமாட்டார்கள், நாங்கள் அனுப்புவோம் என்றாள். வலயத்து விஞ்ஞான ஆசிரியர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, பஸ் குலுங்கக் குலுங்க, பயணச்சீட்டின் பின்புறத்திலும் பிறகு விளக்கம் கேட்ட கடிதத்தின் வெற்றுப் பக்கத்திலும் எழுதினாள்.

அடுத்த கிழமை முப்பத்திரண்டு பாடசாலைகளில், அவரவர் வகுப்பில், ஆசிரியர்கள் நான்காம் வினாவைக் கரும்பலகையில் போட்டு முதலிலிருந்து செய்தார்கள். ஒன்பது பாடசாலையில் மறுத்தார்கள். றுமைஸாவின் பெயர் வினாத்தாள் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு யாரும் கடிதம் அனுப்பவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது வலித்தது. வலிக்கவில்லையென்று டெனிஷாவிடம் சொன்னாள். டெனிஷா நம்பவில்லை.

மே மாதத்தில் ஹிஸ்புல்லாவின் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து, திகதியும் இடமும் எழுதி, அளந்து தருமாறு கேட்டுப் பரிசோதகரின் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் முதலில் சிரித்தாராம். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டாராம். பிள்ளைகள் போகவில்லை. போத்தல்களை அவர் வாங்கும்வரைக்கும் வாசலிலேயே நின்றார்கள்.